வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிரீமியம் ரசீதாகவில்லை, கிரேஸ் அவகாசம் முடிய மூன்று நாள்தான். என்ன செய்வது?

குவைத்_குமார்
என் பெயரில் இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்று இருக்கிறது. ஆண்டு பிரீமியம் ₹48,250. கட்ட வேண்டிய தேதி மே 12. கம்பெனி கொடுத்த கணக்குக்கு ஜூன் 1 அன்று இங்குள்ள வங்கியிலிருந்து டாலரில் அனுப்பினேன். பாலிசி எண்ணைக் குறிப்பில் எழுதியிருந்தேன். இன்று ஜூன் 8. வெப்சைட்டில் இன்னும் 'பாக்கி' என்றே காட்டுகிறது. கிளைக்கு போன் செய்தால், "₹47,520 வந்திருக்கு, யாருடையதுன்னு தெரியல" என்கிறார்கள். பணம் போய்விட்டதே, பாலிசி லேப்ஸ் ஆகுமா?

சென்னை_செல்வி
பயப்படாதீங்க. நீங்கள் அனுப்பிய தேதிதான் கணக்கு. இன்சூரன்ஸ் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கு.

கிளை_ஓய்வு
செல்வி சொல்வது பாதி சரி. தபாலில் போட்ட காசோலைக்கும் மணியார்டருக்கும்தான் அனுப்பிய தேதியை எடுத்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கி வழியாக வரும் பணத்துக்குக் கம்பெனிக் கணக்கில் வரவான நாளைத்தான் பார்ப்பார்கள்.

தம்பி, உங்களுக்குப் பெரிய சிக்கல், குறைவாக வந்திருக்கும் ₹730தான். நடுவில் இருந்த வங்கி தன் கட்டணத்தை எடுத்திருக்கும். முழுத்தொகை சேரும்வரை உங்கள் பணம் டெபாசிட்டில் சும்மா கிடக்கும், அது பிரீமியம் ஆகாது. மீதி ₹730 ஜூன் 12க்கு மேல் வந்தால், மொத்தமுமே தாமதமாக வந்ததாக எழுதிவிடுவார்கள். குறிப்பில் நீங்கள் எழுதிய பாலிசி எண், கைமாறி வரும்போது வெட்டுப்பட்டிருக்கலாம். அதனால்தான் யாருடையது என்று தெரியவில்லை.

இன்றே கிளைக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே பாலிசி எண்ணும், கிரேஸ் முடியும் தேதியும் வரட்டும். உள்ளே அனுப்பிய தேதி, வரவான தொகை, அனுப்பிய வங்கி, பரிமாற்ற எண் ஆகியவற்றை எழுதுங்கள். வங்கியிடம் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகல் கேட்டு வாங்கி இணையுங்கள். ₹47,520ஐ இந்த பாலிசிக்கு டெபாசிட்டாக வைத்து, மீதி வந்ததும் சேர்த்து ரசீது போடச் சொல்லுங்கள். புகார்த் தொனி வேண்டாம். ஆனால் பதிலில் ஒரு பதிவு எண் கேட்டு வாங்குங்கள். பின்னால் தேதித் தகராறு வந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும். மீதியை ஊரிலிருந்து யாராவது கிளையில் நேரில் கட்டட்டும். வெப்சைட் முழுத்தொகையை மட்டும்தான் வாங்கும்.

சிங்கை_மீனா
நான் அப்பாவின் மருத்துவக் காப்பீட்டைக் கட்டுகிறேன். அதுக்கும் 30 நாள் கிரேஸ்தானே? நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் தருவாங்களா?

கிளை_ஓய்வு
மீனா, அது வேறு கதை. ஆண்டுக்கு ஒரே தடவையாகப் புதுப்பிக்கும் மருத்துவ பாலிசியில், கிரேஸ் நாட்களில் கட்டினால் தொடர்ச்சி கெடாது. ஆனால் இடைவெளியில் வந்த செலவு கிடைக்காமல் போகலாம். ஆயுள் காப்பீட்டில் கிரேஸ் நாட்களிலும் பாதுகாப்பு உண்டு. அந்நாட்களில் மரணம் நேர்ந்தால் கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

மஸ்கட்_ரபி
மணி எக்ஸ்சேஞ்சில் போய் அனுப்பலாமே. நான் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்புறேன்.

கிளை_ஓய்வு
வீட்டு ஆள் பெயரில் கவுண்ட்டரில் போய் வாங்கும் வகை என்றால் கம்பெனிக்கு அனுப்ப முடியாது, அது தனிநபர்களுக்கு மட்டும். வங்கிக் கணக்குக்கு ரூபாயாகப் போகும் வகையில் பிரீமியம் அனுப்ப அனுமதி உண்டு. அதில் தொகை குறைவதும் அரிது. ஆனால் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்சின் பெயர்தான் தெரியும், உங்கள் பெயர் தெரியாமல் போகலாம். அப்போதும் இந்த மின்னஞ்சல் வேண்டும்.

சென்னை_செல்வி
மே 12க்கு 30 நாள் என்றால் ஜூன் 11. நீங்கள் 12 என்கிறீர்களே?

கிளை_ஓய்வு
'ஒரு மாதம், ஆனால் 30 நாளுக்குக் குறையாமல்' என்று சில பாலிசிகளில் இருக்கும், அப்போது 12. வெறும் 30 நாள் என்றால் 11. அவர் பத்திரத்தைப் பார்க்கட்டும். மாதத் தவணை என்றால் 15 நாள்தான்.

குவைத்_குமார்
அண்ணா, நன்றி. மின்னஞ்சல் போட்டேன், பதிவு எண் வந்தது. மனைவி இன்று காலை (ஜூன் 9) கிளையில் ₹730 கட்டினாள். ரசீதில் முழுத்தொகை, வரவு தேதி ஜூன் 9. பத்திரத்தில் '30 நாள்' என்றுதான் இருக்கிறது. அடுத்த வருஷத்துக்கு என்ன செய்யலாம்? இங்கே வெள்ளி, சனி விடுமுறை. அங்கே ஞாயிறோடு இரண்டாம், நான்காம் சனியும் வங்கி மூடல். வியாழன் சாயங்காலம் அனுப்பினால் திங்கள்தான் நகரும்.

கிளை_ஓய்வு
வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஈ கணக்கு திறந்து, அதிலிருந்து பிரீமியத்தைத் தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுங்கள். ஏப்ரலிலேயே அதில் பணம் போட்டுவிட்டால், வழியில் கட்டணத்தால் தொகை குறைந்தாலும் சமாளிக்க நாள் இருக்கும். முதிர்வுத் தொகையை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லவும் என்ஆர்ஈயில் கட்டியதற்கான ரசீதுகள் உதவும், எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

மஸ்கட்_ரபி
மனைவி கணக்கிலிருந்து மொத்தமும் கட்டினால் வாங்குவாங்களா?

கிளை_ஓய்வு
சில கம்பெனி வாங்கும், சிலது உறவுச் சான்று கேட்கும். உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.