ஒரே பில்லில் பல துணி: பாக்கியை எப்படி எழுதுவது?

தையல் கடை ஆர்டர் நோட்டில் நான்கு மாதமாக ஒரே இடத்தில்தான் தப்பு வருகிறது. போன மாதம் ஒருவர் 3 பிளவுஸ் கொடுத்தார். கூலி 900, அட்வான்ஸ் 400. இரண்டு முடிந்ததும் 200 கொடுத்து வாங்கிப் போனார். நானும் 'டெலிவரி' என்று கோடு போட்டு அடித்துவிட்டேன். மூன்றாவது பிளவுஸும் பாக்கி 300-உம் அந்தக் கோட்டுக்குள் போய்விட்டன. தேதி தாண்டி அவர் வந்து நின்றபோது துணியை வெட்டக்கூட இல்லை. மனசே சரியில்லை.

துணிக்கு ஒரு பில் போட்டுப் பார்த்தேன். அட்வான்ஸைப் பிரிப்பதில் கணக்கு இடித்தது. அப்புறம் டெலிவரி தேதிக்குத் தனி நோட்டு வைத்தேன். தேதி மாறினால் ஒன்றில் மட்டும் திருத்துகிறோம். அளவு நோட்டு தனி, அதில் சிக்கல் இல்லை.

பில்லுக்கு ஒரே பாக்கி, துணிக்குத் தனித்தனி தேதி: இரண்டும் ஒரே பக்கத்தில் தெரிய நீங்கள் கட்டம் எப்படிப் போடுகிறீர்கள்?