புதுப்பிப்பு: மாலைத் தையல் வகுப்பின் முதல் நாள் அறிமுகம்

நான் கேட்டிருந்தது: “பள்ளியை விட்டு இருபது வருஷமான பெண்கள் பயத்தோடு வருகிறார்கள். முதல் நாள் என்னைப் பற்றி என்ன சொல்வது?”

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை சொன்னதுதான் கைகொடுத்தது: “யாரிடமும் எதுவரை படித்தீர்கள் என்று கேட்காதே. இரண்டு நிமிஷம் பேசு, மிஷினில் உட்கார வை.”

அப்படியே செய்தேன். பெயரைச் சொல்லி, முதல் ரவிக்கையில் இரண்டு கையையும் மாற்றித் தைத்ததைச் சொன்னேன். அப்புறம் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே மிஷினை மிதிக்கச் சொன்னேன். காகிதம் ஊசியை மழுக்கும், பழைய ஊசி போதும். துளைகள் கோட்டை விட்டு விலகினால் அவர்களுக்கே தெரிகிறது. சக்கரம் பின்னால் ஓடினாலும் நூல் அறுந்து பதற்றம் வராது.

“போர்டில் எழுதவே எழுதாதீர்கள்” என்ற யோசனை பாதிதான் சரி. அளவை எழுதித்தான் ஆக வேண்டும். 1/8 என்று எழுதியதும் முகங்கள் வாடின. பின்வரிசை அக்கா ஒருவர் டேப்பில் அங்குலத்தின் முதல் சிறு கோட்டைத் தொட்டு, “இது அரைக்கால்தானே டீச்சர்?” என்றார். பயம் மிஷினில் இல்லை, பின்னத்தில் இருந்திருக்கிறது. இப்போது கால், அரை, அரைக்கால் என்றே சொல்கிறேன்.

மகளின் பத்தாம் வகுப்புப் பயத்துக்கும் இந்த வழி உதவுமா என்று கேட்டவருக்கு: இது பெரியவர்கள் வகுப்பு, அங்கே பொருந்துமா தெரியவில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவர் மறுநாள் வரவில்லை. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமா?