மறு: ‘தலைகீழ் விளைவு வளைகோடு’ சரிதானா?

கயல்விழி:
குழுமத்தாருக்கு வணக்கம். அமெரிக்க அரசுப் பத்திரங்கள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘இன்வெர்ட்டட் யீல்டு கர்வ்’ வந்த இடத்தில் ‘தலைகீழ் விளைவு வளைகோடு’ என்று எழுதினேன். “எதன் விளைவு? எது தலைகீழாயிற்று?” என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு சொல் உண்டா?

முருகேசன்:
நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்பது இயல்பு. பத்திரங்களின் காலத்தைக் கிடையாகவும், அவற்றில் போடும் பணத்துக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாயாகிய விளைவு வீதத்தை மேல்நோக்கியும் குறித்து வரையும் கோடு அதனால் இடமிருந்து வலமாக ஏறும். பொருளாதாரம் தளரும் என்று அஞ்சி எல்லோரும் பத்தாண்டுப் பத்திரத்தை வாங்கிக் குவித்தால், அதன் விலை ஏறி விளைவு வீதம் இறங்கும், கோடும் சரியும். ஆகவே ‘இறங்குமுக வளைகோடு’. மற்ற வடிவங்களுக்கு ஏறுமுகம், சமதளம். நடுவில் புடைத்தால் ‘திமில்’.

ஜெயந்தி:
திமிலை நான் இன்றே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ஆனால் இறங்குமுகம் வேண்டாம். பத்திரச் சந்தையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: ‘வீதங்கள் இறங்குகின்றன’ என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஈராண்டு, பத்தாண்டுப் பத்திரங்கள் இரண்டும் ஏறத்தாழ 2.8 சதவீதத்தில் இருந்தன. 2023 மார்ச் 8 அன்று ஈராண்டு 5.05, பத்தாண்டு 3.98. இரண்டுமே ஏறியிருக்கின்றன! மைய வங்கி வட்டியை உயர்த்த உயர்த்தக் குறுகிய முனை முந்திக்கொண்டு ஏறியது. நீண்ட முனை பின்தங்கியது. நீங்கள் சொன்ன வழியிலும் கோடு சரியலாம், ஆனால் அந்த ஆண்டில் அது நடக்கவில்லை.

இதிலிருந்து வணிகர் எதை ஊகிக்கிறார்? ஓராண்டுப் பத்திரம் 5.4, ஈராண்டுப் பத்திரம் 5.0 என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாயை ஈராண்டுக்குப் போட்டால் 110.25 கிடைக்கும். ஓராண்டுக்குப் போட்டால் முதலாண்டு முடிவில் 105.40, அது இரண்டாம் ஆண்டில் 110.25 ஆக வேண்டுமானால் 4.6 சதவீதம் போதும். அதாவது அடுத்த ஆண்டு வட்டி 5.4-லிருந்து 4.6-க்கு வரும் என்று சந்தை விலை வைத்திருக்கிறது. நீண்ட காலத்துக்காகக் கேட்கும் கூடுதல் ஊதியமும் இதில் கலந்திருப்பதால் கணக்கு அவ்வளவு துல்லியமல்ல.

அப்துல்:
என் வங்கியில் 444 நாள் வைப்புக்கு 7.25, ஐந்தாண்டு வைப்புக்கு 6.5 என்கிறார்கள். இதுவும் தலைகீழ்தானே? எதில் போடலாம்?

ஜெயந்தி:
எதில் போடலாம் என்பதற்கு இந்த இழை இடமல்ல, அப்துல் பாய். ஆனால் எடுத்துக்காட்டு நல்லது. வட்டி குறையும் என்று எண்ணும் வங்கி, உயர்ந்த வட்டியில் ஐந்தாண்டு மாட்டிக்கொள்ள விரும்பாது. ஆனால் அந்த 7.25 ஒரு வங்கி தன் பணத் தேவைக்கேற்ப வைத்த விலை. பலர் வாங்கி விற்றுக் கண்ட விலை அல்ல.

நிர்மலன், கொழும்பு:
‘விளைவு வீதம்’ எங்களுக்குப் பழகிய சொல், அதை மாற்றாதீர்கள். இந்த வளைகோடு மந்தநிலைக்கு அறிகுறி என்பதால் ‘மந்தமுன்னறி வளைகோடு’ என்று வைத்தால் என்ன?

ஜெயந்தி:
பெயரிலேயே சோதிடம் வேண்டாம். 2006–07-இல் சரிந்தது, 2007 டிசம்பரில் மந்தநிலை தொடங்கியது, சரி. 2022 ஜூலையில் சரிந்த கோடு 2024 செப்டம்பர் வரை அப்படியே கிடந்தது, மந்தநிலை வரவில்லை. பணவீக்கம் தணிந்தாலும் வட்டி குறையலாம் அல்லவா? சந்தை சொல்வது வட்டி குறையும் என்பதை மட்டும். காரணத்தை நாம்தான் ஊகிக்கிறோம்.

முருகேசன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவூலத்தின் தரவைப் புரட்டினேன். 2023 மார்ச் 8-இல் ஈராண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடையே 1.07 ஆக இருந்த இடைவெளி 13-ஆம் தேதி 0.48 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆபத்து பாதியாகிவிட்டது என்றுதானே பொருள்?

ஜெயந்தி:
நேர்மாறு, ஐயா. மார்ச் 10 அன்று சிலிக்கன் வேலி வங்கி வீழ்ந்தது. மைய வங்கி இனி வட்டியைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் ஈராண்டுப் பத்திரத்தின் மேல் விழுந்தார்கள், 5.05-இல் இருந்தது 4.03 ஆயிற்று. பத்தாண்டு 3.55-க்கு வந்தது. கோடு நிமிரும்போது எந்த முனை நகர்ந்தது என்று முதலில் பார்ப்போம். குறுகிய முனை இப்படிச் சட்டென்று விழுந்து நிமிர்ந்தால், அன்று யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவதில்லை.

கயல்விழி:
அப்படியென்றால் குறுகிய முனை உயர்ந்திருப்பதைச் சொல்லும் சொல் வேண்டும். ‘முன்பார வளைகோடு’?

நிர்மலன்:
வண்டியில் முன்பாரம் என்றால் முன்பக்கம் தாழும். இங்கே உயர்கிறது.

கயல்விழி:
சரி, ‘முன்தூக்கு வளைகோடு’.

முருகேசன்:
தூக்கு என்றதும் தூக்குமேடை நினைவுக்கு வருகிறது. நான் இன்னும் இறங்குமுகம் பக்கம்தான்.

கயல்விழி:
நாளை காலைக்குள் கொடுக்க வேண்டும். முதலிடத்தில் ‘முன்தூக்கு வளைகோடு’ என்று போட்டு, குறுகிய கால வீதம் நீண்ட கால வீதத்தை மிஞ்சிய நிலை என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று இங்கேயே எழுதுகிறேன்.