புதுப்பிப்பு: ஏற்காட்டில் குறைந்த வோல்டேஜும் ஒரு எச்பி மோட்டாரும்

"சாயங்காலம் 180 வோல்ட்தான் வருது. கீசர் சும்மா இருக்கு, மோட்டார் மட்டும் ஏன் கொதிக்குது?"

போன வாரம் இங்கே நான் கேட்டது இது. சேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்து பார்த்தார்.

கீசரின் கம்பிக்கு மின்தடை ஏறக்குறைய மாறாது. 230 வோல்ட்டில் 2000 வாட் இழுப்பது, 180-ல் சுமார் 1225 வாட்தான் இழுக்கும். தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான்.

மோட்டார் அப்படியில்லை. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை குறையவில்லை. வேகமும் கொஞ்சம்தான் இறங்குகிறது. அதே பவருக்குக் கரண்ட்டைக் கூட்டி இழுக்கிறது. மதியம் 6 ஆம்பியர் காட்டிய மீட்டர் சாயங்காலம் 7.6 காட்டியது. காயில் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 1.6 மடங்கு. 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது!

"வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட்டும் குறையும்" என்று ஒரு தம்பி என் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார். லோடு இல்லாமல் சுற்றும் மோட்டாரில் அது நடக்கும், தண்ணீர் இழுக்கும்போது நடக்காது. தன் வீட்டு ஃபேன் மெதுவாகத்தானே சுற்றுகிறது என்றார் ஒரு அக்கா. சரிதான், வேகம் குறைந்தால் இறக்கைக்கு வேண்டிய பவரும் மளமளவென்று இறங்கிவிடும்.

பெரிய ஆபத்து ஸ்டார்ட்டிங்கில். 180-ல் மோட்டாரைச் சுழற்றும் திருகுவிசை, 230-ல் இருப்பதில் சுமார் 61 சதவீதம்தான். சுழலாமல் உறுமினால் உடனே அணைக்கச் சொன்னார் அண்ணன். ஸ்டெபிலைசரா, தடிமனான கேபிளா என்பது இன்னும் முடிவாகவில்லை. மோட்டார் ஓடாதபோதும் மெயினில் 184-தான் வருகிறது, அதனால் கேபிள் மட்டும் போதாது என்று தோன்றுகிறது.