மிட்லைனுக்குத் தமிழில் என்ன? (ராட்டினக் கணக்கு)

கோபி, கணக்கு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். சைன், கோசைன் வரைபடங்களுக்கு ஒரு பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் ராட்டினம் ஏறாத பிள்ளை என் வகுப்பில் இல்லை, அதனால் அதையே எடுத்துக்கொண்டேன். ஆரம் 8 மீட்டர், இருசு தரையிலிருந்து 10.5 மீட்டர், ஒரு சுற்றுக்கு 40 விநாடி. அடியில் ஏறியவரின் உயரம் t விநாடியில்:

```
h(t) = 10.5 − 8 cos(2πt/40)
```

வீச்சு, காலம் இரண்டுக்கும் சொல் இருக்கிறது. வரைபடம் எந்தக் கிடைக்கோட்டுக்கு மேலும் கீழும் சமமாக ஏறி இறங்குகிறதோ, அந்த மிட்லைனுக்குத்தான் இல்லை. நடுக்கோடு என்று எழுதினால் பிள்ளைகள் முக்கோணத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இருசு உயரம் என்று வைக்கலாமா?

கோவை, ஓய்வுபெற்ற பொறியாளர்:

> இருசு உயரம் என்று வைக்கலாமா?

புதுச்சொல் எதற்கு டீச்சர்? சராசரி உயரம் என்று சொன்னால் போதாதா? எட்டு மேலே, எட்டு கீழே, சராசரி நடுவில். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

காங்கேயம்:

ராட்டினம் என்றால் நூல் நூற்பதும் ராட்டினம், கிணற்றில் இறைப்பதும் ராட்டினம். நம்ம பக்கம் தூரி என்ற சொல் இருக்கும்போது அதையே போடுங்க. எங்க மாமா பத்து வருசம் திருவிழா திருவிழாவாகத் தூரி ஓட்டியவர், அவர் வாயில் வேறு சொல் வந்ததே இல்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். உங்கள் கணக்கில் t பூச்சியம் என்றால் உயரம் 2.5 மீட்டர் வருகிறது. ஏணி வைத்தா ஏற்றுவீங்க? மாமா தூரியில் பலகை இடுப்பளவுதான் இருக்கும்.

திருச்செங்கோடு:

கேள்வி மிட்லைனைப் பற்றியதுங்க, தூரியைப் பற்றியதில்லை. ஆனாலும் காங்கேயத்தார் பிடித்திருப்பது சரியான இடம். டீச்சரின் சூத்திரம் பெட்டி மாட்டியிருக்கும் ஆணியின் உயரத்தைச் சொல்கிறது, ஆள் உட்காருவதோ அதற்குக் கீழே. பலகை ஆணிக்கு 1.5 மீட்டர் கீழே தொங்குவதாக வைத்துக்கொள்வோம். பெட்டி ஆடாமல் எப்போதும் நேராகத் தொங்கினால், ஆணி போடும் வட்டத்தை அப்படியே 1.5 மீட்டர் கீழே இறக்கி வைத்ததுதான் பலகை போடும் வட்டம். ஆரம் மாறாது, வீச்சும் அதே 8. மையம் மட்டும் 9 மீட்டருக்கு இறங்கும்.

```
h(t) = 9 − 8 cos(2πt/40)
```

இப்போது ஏறும் இடம் 1 மீட்டர், உச்சி 17 மீட்டர். ஆக, இருசு 10.5-இல் இருக்க, ஆளின் மிட்லைன் 9-இல் இருக்கிறது. இருசு உயரம் என்ற பெயர் பிள்ளைகளை இந்தத் தவற்றுக்கே கூட்டிப்போகும். அதுவுமில்லாமல் ஆண்டு முழுக்கப் பகல் நீளம் கூடிக் குறைவதை வரைந்தாலும் அங்கே ஒரு மிட்லைன் உண்டு, இருசுக்கு எங்கே போவது?

சராசரி பாதி சரி. முழுச் சுற்றுகளாக எண்ணினால் 9 வரும். ஒன்றேகால் சுற்றில் நிறுத்திவிட்டால் அந்த 50 விநாடியின் சராசரி ஏறக்குறைய 8 மீட்டர். முதல் கால் சுற்றை மட்டும் எடுத்தால் 3.9. கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, சராசரிதான் நகர்கிறது. ஆள் ஏற்ற நிறுத்தி நிறுத்திச் சுற்றும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் மோசம். உச்சியையும் அடியையும் கூட்டிப் பாதியாக்குவதுதான் பாதுகாப்பு. என் பரிந்துரை நடுமட்டம்.

கோவை:

சராசரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘மட்டம்’ என்றால் பையன்கள் சிரிப்பார்கள் ஐயா, மட்டமான சரக்கு என்பார்கள். சமநிலைக் கோடு?

திருச்செங்கோடு:

ஊசலுக்கு அது பொருந்தும். ராட்டினத்தில் மோட்டாரை நிறுத்தினால் உங்கள் பெட்டி பாதி உயரத்தில் தானாக வந்து நிற்காதே. கனமான பக்கம் அடிக்கு வரப் பார்க்கும். கடல்மட்டம், நீர்மட்டம் என்றால் யாரும் சிரிப்பதில்லை.

காங்கேயம்:

கொத்தனார் மட்டப்பலகை வைத்துத்தானே பார்க்கிறார். நடுமட்டம் எனக்குப் புரிகிறது. தூரியையும் சேர்த்துக்கோங்க.

கோபி:

நன்றிங்க. பெட்டியை மறந்தது என் தவறுதான். சூத்திரத்தைத் திருத்திவிட்டேன், ‘பலகை ஆணிக்கு 1.5 மீட்டர் கீழே’ என்று கேள்வியிலேயே சேர்த்துவிட்டேன். தாளில் இப்போதைக்கு நடுமட்டம். கோவை ஐயாவுக்கு மனசில்லை என்று தெரிகிறது, பிள்ளைகள் சிரித்தால் எழுதுகிறேன்.

இதோடு இன்னொன்று மாட்டிக்கொண்டது. எட்டுப் பெட்டி ராட்டினத்தில் ஒருத்தி ஏறிய பிறகு இன்னும் இரண்டு பெட்டிக்கு ஆள் ஏற்றினார்கள், அப்புறம்தான் நிற்காமல் சுற்றத் தொடங்கியது. அங்கிருந்து நேரத்தை எண்ணினால் அவள் ஏற்கெனவே கால் சுற்று முன்னால், நடுமட்டத்தில், மேலே போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்கு 9 + 8 sin(2πt/40). இந்த முன்தள்ளலைக் கட்டம் என்று எழுதினேன், கட்டம் போட்ட நோட்டா டீச்சர் என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன போடலாம்?