41 பக்கக் கூட்டப் பதிவில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்

எங்கள் அடுக்குமாடிச் சங்கப் பொதுக்குழுவில் பேசியதையெல்லாம் எழுத்தாக்கிய கோப்பு என்னிடம் இருக்கிறது. செயலாளர் கேட்பது ஒன்றுதான்: மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யும் செலவை யார் ஏற்பது என்று முடிவானதா? பதில் ஒரு வரி, ஆதாரமாகப் பேசியவர்களின் வரிகள் நேரத்தோடு. வேறெதுவும் வேண்டாமாம்.

'மொட்டைமாடி' என்று தேடினால் கிடைப்பது இவ்வளவுதான்:

00:38 தலைவர்: மொட்டைமாடி செலவை எல்லா வீடும் சமமாப் பிரிச்சுக்கலாம்.
00:39 பொருளாளர்: சரி சரி, மேல சொல்லுங்க.

ஒரு மணி நேரம் கழித்து, அந்தச் சொல்லே இல்லாமல் இது வருகிறது:

01:42 பொருளாளர்: அந்தச் செலவு விஷயம் கொட்டேஷன் வந்தப்புறம் பேசிக்கலாம்.
01:42 தலைவர்: ஆமா, அப்படியே வைங்க.

முதல் 'சரி' சம்மதமா, வெறும் 'உம்' கொட்டலா? 'முடிவாகவில்லை, தள்ளிவைத்தார்கள்' என்பதே பதில் என்று எனக்குப் படுகிறது. நான்கு வரிகளையும் ஆதாரமாகக் கொடுக்கலாமா, பின்னிரண்டு போதுமா? 'அந்தச் செலவு' மொட்டைமாடிச் செலவுதான் என்று காட்ட, அதற்கு முந்தைய பேச்சையும் சேர்க்க வேண்டுமா? அப்புறம், 'அது', 'அந்த விஷயம்' என்று ஒளிந்திருப்பவற்றை முழுக்கோப்பையும் படிக்காமல் பிடிக்க வழி உண்டா? மினிட்ஸ் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.