படிவத்தில் 'மாநிறம்' என்று போட்டால்

தரகர் மகன்: அப்பா மதுரையில் திருமணத் தகவல் நிலையம் நடத்தினார். படிவம் நிரப்புவது என் வேலை. நிறம் என்ற கட்டத்தில் யாரும் கருப்பு என்று எழுதச் சொன்னதில்லை. கருப்பு 'மாநிறம்' ஆகும், மாநிறம் 'சிவப்பு' ஆகும். இது மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும் என்பதால் அவர்கள் ஒரு படி இறக்கித்தான் படிப்பார்கள். உண்மையிலேயே மாநிறமான ஒரு பெண்ணுக்கு உள்ளபடி எழுதினேன். மூன்று மாதம் ஒரு ஜாதகம்கூடப் போகவில்லை. அவர் அம்மா வந்து 'சிவப்பு' என்று மாற்றச் சொன்னார். அடுத்த வாரமே இரண்டு வீட்டில் கேட்டார்கள். மாப்பிள்ளைகளின் படிவத்தில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலிதான். அங்கே சம்பளத்தைப் பார்ப்பார்கள்.

கரூர் அக்கா: எனக்கு போட்டோவால் வந்த வினை. ஸ்டுடியோக்காரர் கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காபி குடித்து முடித்து, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி, அஞ்சு பவுன் சேர்த்துப் போட்டா பேசலாம்" என்றார்கள். என் நிறத்துக்கு விலை ஐந்து பவுன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா ஒத்துக்கொண்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சேலம் தம்பி: எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அதற்கு முன் நம்மிடம் இது கிடையாது.

தமிழ் வாத்தியார்: பாதி சரி, தம்பி. வெயிலில் நாற்று நட்டவரையும் நிழலில் உட்கார்ந்தவரையும் நிறத்தால் பிரித்துப் பார்த்ததில் நம் சாதிக்கும் பங்குண்டு. ஆனால் அழகு என்றால் வெளுப்புதான் என்று என்றைக்கும் இருந்ததில்லை. குறுந்தொகை 27ஆம் பாட்டில் தலைவி தன் மாமைக் கவினைப் பசலை தின்கிறதே என்று வருந்துகிறாள். மாந்தளிர் போன்ற அந்த நிறம்தான் அங்கே அழகு, வெளிறுவது நோய்.

புது மாப்பிள்ளை: கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள். எந்த க்ரீம் நல்லது?

மருந்துக்கடை அண்ணன்: கேள்வியே வேறப்பா. சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடாதே. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசிவிட்டு நிறுத்தினால் சிவந்து எரியும், உடனே திரும்பப் பூசத் தோன்றும். அப்படி மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் கல்யாணம் நிச்சயமானவர்கள் நிறையப் பேர். வேலை கிடைக்காத பெண் க்ரீம் பூசியதும் வேலை கிடைப்பதாக டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரை 2020இல் மாற்றினார்கள். கடைக்கு வருகிறவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கரூர் அக்கா: அதே வருஷம் ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்ததே, ஏதாவது மாறியதா?

தரகர் மகன்: நாங்களும் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம் அக்கா. இப்போது வீடியோ காலில், "பொண்ணைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் வரச் சொல்லுங்க" என்கிறார்கள்.